செயலி ‘ஏற்றுக்கொண்டது’ என்றால் பணம் வந்துவிட்டதா?

வாசகர் கடிதம்

வணக்கம் மேடம். போன மாதம்தான் டல்லாஸிலிருந்து நியூ ஜெர்சிக்குக் குடிவந்தோம். இங்கே ஒரு வங்கியில் என் பெயரில் புதுக் கணக்கு தொடங்கி இருபது நாள்தான் ஆகிறது. பழைய அபார்ட்மெண்ட்காரர்கள் எங்கள் டெபாசிட்டைத் திருப்பி, 1,860 டாலர் 50 சென்ட்டுக்கு செக் அனுப்பினார்கள். அதில் என் பெயர், ‘அண்ட்’ போட்டு என் கணவர் பெயர். வங்கியின் ஆப்பில் படம் எடுத்துப் போட்டேன். முதல் தடவை படிக்க முடியவில்லை என்றது. இரண்டாம் தடவை பின்பக்கம் சரியில்லை என்றது. நான் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே ஆப் காட்டிய வரியையும் எழுதி, வெள்ளிக்கிழமை இரவு மூன்றாம் தடவை அனுப்பியதும் ஏற்றுக்கொண்டது. மறுநாள் ‘ஏழு வேலைநாள் ஹோல்டு’, அதுவரை பணத்தை எடுக்க முடியாது என்று மின்னஞ்சல் வருகிறது. முதல் 275 டாலரை மறுநாளே தர வேண்டும் என்று சட்டம் இருப்பதாகத் தோழி சொல்கிறாள். கணவர், அதே செக்கைத் தன் வங்கியில் போட்டு உடனே பணம் எடுக்கலாம் என்கிறார். வங்கி எங்களை ஏமாற்றுகிறதா? ஆப் எடுத்துக்கொண்டுவிட்டதால் செக்கைக் கிழித்துப் போடலாமா?

– கா., நியூ ஜெர்சி

பதில்

அன்புள்ள கா. அவர்களுக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். காசோலையைக் கிழிக்காதீர்கள். உங்கள் கணவரும் அதைத் தன் வங்கியில் போட வேண்டாம். ஒரு உறையில் போட்டு, பாஸ்போர்ட் வைக்கும் இடத்தில் பத்திரமாக வையுங்கள். வங்கி உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது விதியை மீறியதாகவும் தெரியவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டியது ஹோல்டைப் பற்றி அல்ல. ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன இன்னொன்றைப் பற்றி: காசோலை இரண்டு பேர் பெயரில் இருக்கிறது, கணக்கு ஒருவர் பெயரில் இருக்கிறது, கையெழுத்தும் ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊரில் காசோலையை வங்கியில் கொடுத்துவிட்டால் காகிதம் நம் கையை விட்டுப் போய்விடும். அதைப் படமாக்குவது வங்கியின் வேலை. அமெரிக்காவில் செயலி வழியாகப் போடும்போது படம் எடுப்பது நீங்கள், காகிதமும் உங்களிடமே தங்குகிறது. உங்கள் கேள்விகள் எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகின்றன. காகிதம் பயணம் செய்யாமல் படம் மட்டும் போகலாம் என்பதற்கு வழி திறந்தது 2003-இல் இயற்றப்பட்டு 2004 அக்டோபர் 28 முதல் நடைமுறைக்கு வந்த ‘செக் 21’ சட்டம். அதற்கு முன் காசோலைகள் விமானத்தில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானங்கள் தரையில் நின்றபோது காசோலைகளும் கூடவே நின்றன. இந்தச் சட்டத்தை விரைவுபடுத்தியதில் அந்த நாட்களுக்குப் பங்கு உண்டு.

செயலியில் ‘ஏற்றுக்கொண்டது’ என்று வந்தால், படம் வாசிக்கும்படி இருக்கிறது, நீங்கள் தட்டிய தொகையோடு பொருந்துகிறது, வரிசையில் போட்டாயிற்று என்று மட்டுமே பொருள். அதற்குப் பிறகுதான் வங்கியின் பரிசீலனை நடக்கும். தேவைப்பட்டால் ஒரு மனிதர் படத்தைத் திறந்து, யார் பெயருக்கு எழுதியிருக்கிறது, பின்னால் யார் கையெழுத்திட்டிருக்கிறார் என்று பார்ப்பார். அது முடிந்தபின் படம், காசோலை எழுதிய உங்கள் பழைய அபார்ட்மெண்ட் வீட்டுக்காரரின் வங்கிக்குப் போகும். அங்கே பணம் இருக்கிறதா, காசோலை நிறுத்தப்பட்டதா, ஏற்கெனவே வந்ததா என்று பார்த்து, அந்த வங்கி பணம் தரும் அல்லது திருப்பி அனுப்பும். ஆக, செயலி ஏற்பது, உங்கள் வங்கி ஏற்பது, வீட்டுக்காரரின் வங்கி பணம் தருவது என்று மூன்று கதவுகள் இருக்கின்றன. நீங்கள் தாண்டியிருப்பது முதல் கதவை.

படம் ஏன் இரண்டு முறை திரும்பியது

கைபேசி எடுப்பது வண்ணப் படம். வங்கிகளுக்குள் பரிமாறப்படுவதோ வெறும் கறுப்பு வெள்ளைப் படம். சாம்பல் நிறம்கூட அதில் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்று மென்பொருள் முடிவு செய்துவிடுகிறது. பழைய ஜெராக்ஸ் இயந்திரத்தில் பென்சில் எழுத்து காணாமல் போய், நிழல் விழுந்த மூலை கறுப்புத் திட்டாக வருமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் படத்தை இயந்திரம் படிக்க மறுப்பதற்கு இதுவே காரணம். வீட்டு நிர்வாக நிறுவனங்களின் காசோலைகளில் பின்னணியில் மெல்லிய வண்ணக் கோலம் இருக்கும். அதன் மேல் வெளிறிய எழுத்தில் தொகை அச்சிட்டிருந்தால், கறுப்பு வெள்ளையாக்கும்போது எழுத்தும் கோலமும் ஒன்றாகக் கலந்துவிடும்.

இயந்திரம் முதலில் தேடுவது காசோலையின் அடியில் ஒரு தினுசான எழுத்துருவில் அச்சிட்டிருக்கும் எண் வரிசையை. அதில் வங்கியைக் குறிக்கும் ஒன்பது இலக்க எண், கணக்கு எண், காசோலை எண் எல்லாம் இருக்கும். கிளையில் உள்ள இயந்திரம் அந்த மையின் காந்தத்தை உணர்ந்து படிக்கும். கைபேசிக்கு அது முடியாது, வடிவத்தை வைத்துத்தான் படிக்க வேண்டும். தபாலில் மூன்றாக மடித்து வந்த காசோலையின் மடிப்பு அந்த வரிசையின் குறுக்கே போனால், அங்கே விழும் கோடு ஒரு இலக்கத்தையே மாற்றிக் காட்டலாம். உங்கள் முதல் முயற்சி தோற்றதற்கு மடிப்போ, நிழலோ, காசோலையோடு நிறத்தில் ஒத்துப்போன மேசையோ காரணமாக இருந்திருக்கும்.

அடுத்த முறைக்கு இதைச் செய்யுங்கள். காசோலையை ஒரு கனமான புத்தகத்துக்கு அடியில் இரவு முழுதும் வையுங்கள். கோலமில்லாத கறுப்பு அல்லது கருநீலப் பரப்பில் வைத்துப் படம் எடுங்கள். அப்போதுதான் காசோலையின் நான்கு விளிம்பையும் செயலி கண்டுபிடிக்கும். வெள்ளைக் காசோலையை வெள்ளை மேசையில் வைத்தால் விளிம்பு கரைந்துபோகும். புள்ளிப் புள்ளியான கிரானைட் மேடையும் குழப்பும். ஃப்ளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நில்லுங்கள். தலைக்கு மேலே விளக்கு இருந்தால் உங்கள் கையின் நிழலே காசோலை மேல் விழும். கைபேசியைச் சாய்க்காமல் நேர் மேலே பிடித்து, நான்கு மூலையும் சுற்றிலும் கொஞ்சம் இடமும் சட்டத்துக்குள் வரும்படி வையுங்கள். பல செயலிகள் சரியான நிலை வந்ததும் தாமே படம் எடுத்துக்கொள்ளும். அதற்கு விட்டுவிடுவது நல்லது. விரல் காசோலையின் மேல் படக்கூடாது. முன்பே எடுத்து கேலரியில் வைத்திருக்கும் படத்தையும் பல செயலிகள் வாங்காது.

இரண்டாம் முறை திரும்பியது பின்புறத்துக்காக. வெறும் கையெழுத்து போதும் என்பது பழைய வழக்கம். இன்று பெரும்பாலான வங்கிகள் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரியையும் எதிர்பார்க்கின்றன: For Mobile Deposit Only. சில வங்கிகள் அதோடு தங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லும். செயலியில் எந்தச் சொற்கள் காட்டப்படுகின்றனவோ அவற்றை அப்படியே எழுதுங்கள். பின்புறத்தின் மேல் ஒன்றரை அங்குலம்தான் உங்களுக்கு. அதற்குக் கீழே வங்கிகள் முத்திரையிடும் இடம். கறுப்பு அல்லது அடர்நீல பேனாவால் எழுதுங்கள். மினுமினுக்கும் ஜெல் மையும் வெளிர் நிறங்களும் கறுப்பு வெள்ளைப் படத்தில் மறைந்துவிடும்.

தொகையைத் தட்டும்போதும் ஒரு கவனம் வேண்டும். 1,860.50 என்பதை 1,860.05 என்று தட்டினால் காசோலையில் இருப்பதோடு பொருந்தாது. காசோலையிலேயே எண்ணும் எழுத்தும் வேறுபட்டால், சட்டப்படி எழுத்தில் உள்ளதுதான் செல்லும். அப்படிப்பட்ட காசோலையைச் செயலியில் முயற்சி செய்வதைவிட எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்து வேறு வாங்குவது மேல்.

இரண்டு பெயர் போட்ட காசோலை

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் இது. அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் ஒருசீர் வணிகச் சட்டத் தொகுப்பின்படி, ‘இன்னார் அண்ட் இன்னார்’ என்று எழுதிய காசோலை இருவருக்கும் கூட்டாகச் சொந்தம். இருவரும் பின்னால் கையெழுத்திட்டால்தான் அதைப் பணமாக்க முடியும். ‘ஆர்’ என்று இருந்தால் யாராவது ஒருவர் போதும். இரண்டுமில்லாமல் குழப்பமாக எழுதியிருந்தால், சட்டம் அதை ‘ஆர்’ என்றே எடுத்துக்கொள்ளும். உங்களுடையதில் தெளிவாக ‘அண்ட்’ இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டதால் வீட்டுக்காரர் அப்படி எழுதியிருப்பார். அது அவர் தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் சரியான முன்னெச்சரிக்கைதான்.

செயலி இதைப் பெரும்பாலும் கண்டுபிடிக்காது. எண்களையும் தொகையையும் படிக்கும் மென்பொருளுக்கு, பின்னால் இருக்க வேண்டியது ஒரு கையெழுத்தா இரண்டா என்று சொல்வது கடினம். அதனால்தான் ‘ஏற்றுக்கொண்டது’ என்று வந்துவிட்டது. இரண்டாம் கதவில், அதாவது பரிசீலனையில், இது பிடிபடலாம். பிடிபட்டால் வங்கி உங்கள் டெபாசிட்டை ரத்து செய்யும். பிடிபடாமல் பணம் வரவானாலும் அது நிரந்தரப் பாதுகாப்பு இல்லை. கையெழுத்து குறைவாக இருந்தது என்று பின்னால் கேள்வி எழுந்தால், வங்கி அந்தத் தொகையை உங்கள் கணக்கிலிருந்து திரும்ப எடுக்க முடியும். உங்கள் கணவரே மறுக்கப்போவதில்லை என்பதால் உங்கள் விஷயத்தில் அது சண்டையாகாது. ஆனாலும் பல வங்கிகள் கூட்டுக் காசோலையை இரு பெயரும் உள்ள கணக்கில் மட்டுமே வாங்குகின்றன. கணவர் கையெழுத்தும் போட்டுவிட்டால் போதும் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

பெயர் பற்றிப் பேசும்போது நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அப்பா பெயரை இனிஷியலாக வைத்து, ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கு அமெரிக்க விசாவில் முன்பெயர் இடத்தில் FNU என்று அடித்துத் தருகிறார்கள். முன்பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. வங்கிக் கணக்கும் சில சமயம் அதே பெயரில் தொடங்கிவிடுகிறது. காசோலையோ ‘முருகேசன் கார்த்திக்’ என்று வரும், கணக்கோ ‘கார்த்திக் முருகேசன்’ என்று இருக்கும். இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. காசோலையில் உள்ள பெயர் உங்கள் பெயரோடு ஒத்துவராவிட்டால், அதில் உள்ள பெயரிலோ உங்கள் சரியான பெயரிலோ கையெழுத்திடலாம். ஆனால் பணம் தரும் வங்கி இரண்டு பெயரிலும் கையெழுத்துக் கேட்க உரிமை உண்டு. எனவே முதலில் காசோலையில் உள்ளபடி ஒரு கையெழுத்து, அதற்குக் கீழே கணக்கில் உள்ளபடி ஒரு கையெழுத்து என்று இரண்டையும் போட்டுவிடுங்கள். பெயர் தலைகீழாக இருப்பது இதோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். பெயரே வேறு மாதிரி இருந்தால் செயலியை விட்டுவிட்டு, அடையாள அட்டையோடு கிளைக்குப் போங்கள்.

ஏழு வேலைநாளும் 275 டாலரும்

உங்கள் தோழி சொன்ன சட்டம் உண்மைதான். காசோலைப் பணத்தை எப்போது தர வேண்டும் என்பதற்கு ‘ரெகுலேஷன் சிசி’ என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. பெரும்பாலான காசோலைகளில் முதல் 275 டாலரை அடுத்த வேலைநாளில் எடுக்க விட வேண்டும் என்கிறது அது. 2025 ஜூலை 1-க்கு முன் அந்தத் தொகை 225 டாலராக இருந்தது. ஆனால் உங்கள் விஷயத்தில் அது இரண்டு காரணங்களால் பொருந்தாது.

ஒன்று, அந்தக் கால அட்டவணை காகிதக் காசோலையை மனதில் வைத்து எழுதப்பட்டது. நீங்கள் அனுப்பியது படம். செயலியில் போடும் படங்களுக்கு எப்போது பணம் தருவது என்பதை வங்கிகள் தங்கள் ஒப்பந்தத்தில் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. செயலியை முதன்முறை திறந்தபோது ‘சம்மதம்’ என்று தட்டினோமே, அந்த நீண்ட பக்கம்தான் அந்த ஒப்பந்தம். பல வங்கிகள் அதில் கிளை டெபாசிட்டுக்குத் தரும் அதே காலத்தைத்தான் தருகின்றன, ஆனால் அது அவர்கள் ஒப்புக்கொண்டது.

இரண்டு, உங்கள் கணக்குக்கு இருபது நாள்தான் ஆகிறது. முதல் 30 நாள் வரை அது ‘புதுக் கணக்கு’. புதுக் கணக்கில் போடும் சாதாரணக் காசோலைக்கு அந்த 275 டாலர் உறுதி கிடையாது. நீங்கள் நேரில் கிளைக்குப் போய்க் காகிதத்தைக் கொடுத்திருந்தாலும் இதே நிலைதான். அதே வங்கியில் உங்களுக்கு ஏற்கெனவே 30 நாளுக்கு மேற்பட்ட வேறு கணக்கு இருந்தால் மட்டும் இந்தக் கணக்கைப் புதியது என்று கொள்ள முடியாது. அப்படி இருந்தால் வங்கியிடம் அதைச் சொல்லுங்கள்.

இனி நாள் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பியது வெள்ளி இரவு. வங்கியின் அன்றைய கடைசி நேரம் தாண்டியிருக்கும், ஆகவே அது திங்கட்கிழமை டெபாசிட்டாகவே கணக்கில் வரும். செவ்வாய் முதல் வேலைநாள். புதன், வியாழன், வெள்ளி என்று போனால் நான்கு. சனி, ஞாயிறு சேராது. அடுத்த திங்கள் ஐந்து, செவ்வாய் ஆறு, புதன் ஏழு. ஏழு நாள் என்று கேட்டது காலண்டரில் பன்னிரண்டு நாளாக நீள்கிறது. நடுவில் ஒரு கூட்டாட்சி விடுமுறை வந்தால் வியாழனாகிவிடும். வாடகை, கடன் அட்டை என்று எதையும் இந்தப் பணத்தை நம்பி அந்தப் புதனுக்கு முன் தேதியிட வேண்டாம்.

இவ்வளவு நாள் எதற்கு என்று உங்களுக்குக் கோபம் வருவது நியாயம். படம் பொதுவாக ஓரிரு நாளில் வீட்டுக்காரரின் வங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். திருப்பி அனுப்புவதானால் அந்த வங்கிக்கும் மிகக் குறுகிய கெடுதான். ஆனால் திருப்பி அனுப்பிய செய்தி உங்கள் வங்கிக்கு வந்து சேர வேண்டும், போலிக் காசோலைகள் வெளிப்பட நாளாகும், புதுக் கணக்குக்காரரைப் பற்றி வங்கிக்கு எந்த அனுபவமும் இல்லை. இந்த இடைவெளியைத்தான் வங்கி ஹோல்டு போட்டு மூடுகிறது.

அதோடு நீங்கள் மறக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. ஹோல்டு நீங்கிப் பணம் எடுக்கும்படி காட்டினாலும், காசோலை உண்மையில் பணமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. காசோலை பின்னர் திரும்பினால், கொடுத்த தொகையை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டு. நீங்கள் செலவழித்திருந்தால் கணக்கு மைனஸில் போகும். புதிதாக வந்த மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். பகுதிநேர வேலை என்று ஒருவர் காசோலை அனுப்புவார். செயலியில் போட்டதும் கொஞ்சம் பணம் கண்ணுக்குத் தெரியும். ‘சாமான் வாங்க ஒரு பகுதியை இன்னாருக்கு அனுப்பு’ என்று செய்தி வரும். அனுப்பிய பிறகு காசோலை போலி என்று திரும்பும். அனுப்பியது போனது போனதுதான், வங்கிக்குத் திருப்பிக் கட்ட வேண்டியது அந்த மாணவர். உங்கள் காசோலை தெரிந்த வீட்டுக்காரரிடமிருந்து வந்தது, ஆகவே அந்தப் பயம் வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பத்தியை அவர்களுக்குக் காட்டுங்கள்.

கணவர் தன் வங்கியில் போட்டால்

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிகிறது. ஒரு இடத்தில் தாமதமானால் இன்னொரு இடத்தில் முயல்வோம் என்பது இயல்பான யோசனை. ஆனால் நீங்கள் அனுப்பிய படம் இப்போது பயணத்தில் இருக்கலாம். அவர் காகிதத்தைப் போட்டால் ஒரே காசோலை இரண்டு வழியில் வீட்டுக்காரரின் வங்கிக்குப் போகும். அங்கே காசோலை எண்ணும் தொகையும் ஒன்றாக இருப்பதைக் கண்டு, இரண்டாவதை ‘ஏற்கெனவே வந்தது’ என்று திருப்பிவிடும். கவனிக்காமல் இரண்டுக்கும் பணம் கொடுத்துவிட்டால் வீட்டுக்காரர் கணக்கில் 3,721 டாலர் கழியும். அவர் புகார் செய்வார். பிறகு இரண்டு வங்கிகளும் யார் நஷ்டம் ஏற்பது என்று பார்க்கும். கடைசியில் ஏதோ ஒரு வங்கி உங்கள் வீட்டுக் கணக்கில்தான் கை வைக்கும். கணக்கையே மூடவோ, மொபைல் டெபாசிட் வசதியைப் பறிக்கவோ அது ஒரு காரணமாகிவிடும். தெரியாமல் செய்தோம் என்று நிரூபிக்கும் பாடு உங்களுக்கு.

நீங்கள் பின்னால் எழுதிய அந்த ஒரு வரியின் வேலையே இங்கேதான் இருக்கிறது. 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, படத்தை வாங்கிய வங்கி, அதே காசோலையைக் காகிதமாக வாங்கி நஷ்டப்படும் வங்கிக்கு ஈடுகட்ட வேண்டும். ஆனால் காகிதத்தின் பின்னால் ‘மொபைல் டெபாசிட்டுக்கு மட்டும்’ என்று இருந்தும் இரண்டாம் வங்கி அதை வாங்கினால், அந்த ஈட்டைக் கேட்க முடியாது. அதனால் அந்த வரியைப் பார்த்த எந்த டெல்லரும் கையை விலக்கிக்கொள்வார். கணவர் வங்கிக்குப் போனாலும் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பியிருப்பார். இதனால் உங்களுக்கும் ஒரு பாடு உண்டு: படம் நிராகரிக்கப்பட்டால், அந்தக் காகிதத்தை உங்கள் வங்கியின் கிளைக்குத்தான் எடுத்துப் போக வேண்டியிருக்கும். அவர்களால்தான் தங்கள் கணினியில் நிராகரிப்பைப் பார்த்துக் காகிதத்தை வாங்க முடியும்.

இப்போது செய்ய வேண்டியது

திங்கள் காலை வங்கியை அழையுங்கள், அல்லது கிளைக்குப் போங்கள். மறைக்காமல் சொல்லுங்கள்: காசோலை ‘அண்ட்’ போட்டு இருவர் பெயரில் இருக்கிறது, கணக்கு என் பெயரில் மட்டும், நான் மட்டும் கையெழுத்திட்டிருக்கிறேன், இதை ஏற்பீர்களா அல்லது ரத்து செய்வீர்களா? எந்தத் தேதியில் முழுப் பணமும் எடுக்க முடியும் என்றும் கேட்டு, பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஏற்பதாகச் சொன்னால் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை.

ஏற்கவில்லை என்றால் திரும்பும் விதத்தைக் கவனியுங்கள். பரிசீலனையிலேயே நிராகரித்தால், டெபாசிட் ஏற்கப்படவில்லை என்று வங்கியிலிருந்து செய்தி வரும். அப்போது படம் வீட்டுக்காரரின் வங்கிக்குப் போகவே இல்லை, உங்கள் கையில் உள்ள காகிதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இருவரும் அடையாள அட்டையோடு அதே வங்கியின் கிளைக்குப் போங்கள். கணவரை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டு, இருவரும் பின்னால் கையெழுத்திட்டு, காகிதமாகவே கொடுத்துவிடலாம். என் யோசனை இதுதான். டெபாசிட் திரும்பல், காப்பீட்டுத் தொகை என்று இருவர் பெயரில் காசோலைகள் இன்னும் வரும். ஒரு கூட்டுக் கணக்கு இருந்தால் இந்தச் சிக்கல் மறுபடி எழாது.

அதற்கு மாறாக, காசோலை ‘திரும்பியது’ என்று பணம் இல்லை, நிறுத்தப்பட்டது போன்ற காரணத்தோடு வந்தால், படம் வீட்டுக்காரரின் வங்கி வரை போய்த் திரும்பியிருக்கிறது. அப்போது செயலியில் மறுபடி படம் எடுக்காதீர்கள். வீட்டுக்காரரிடம் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

காசோலையின் தேதியையும் ஒருமுறை பாருங்கள். இந்தியாவில் காசோலைக்கு மூன்று மாதம்தான் ஆயுள். இங்கே ஆறு மாதத்துக்கு மேல் பழையதானால் பணம் தர வங்கிக்குக் கடமை இல்லை. சில நிறுவனங்கள் 90 நாளுக்குப் பின் செல்லாது என்று காசோலையிலேயே அச்சிடுகின்றன. அப்படி இருந்தால் அதையே கெடுவாக எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே மாதம் முதலில், நாள் அடுத்து எழுதுவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். 04/07 என்றால் ஏப்ரல் 7.

பணம் முழுதாக வந்து, ஹோல்டும் நீங்கிய பிறகும் காகிதத்தை உடனே கிழிக்க வேண்டாம். எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பது வங்கியின் ஒப்பந்தத்தில் இருக்கும். 14 நாள் என்பவையும் உண்டு, 30 நாள் என்பவையும் உண்டு. உங்கள் வங்கி குறைவாகச் சொல்லியிருந்தாலும், அந்த மாதத்துக் கணக்கு அறிக்கை வந்து அதில் இந்த 1,860 டாலர் 50 சென்ட்டைக் கண்ணால் பார்த்த பிறகு கிழியுங்கள். அதுவரை முன்புறத்தில் டெபாசிட் செய்த தேதியை எழுதி வையுங்கள், வீட்டில் வேறு யாரும் மறந்துபோய்ப் போட்டுவிடாமல் இருக்கும்.

எதுவும் கைகூடாமல் வீட்டுக்காரரிடம் வேறு காசோலை கேட்க நேர்ந்தால், முதலில் பழைய காசோலையை அவர் வங்கியில் நிறுத்தச் சொல்லுங்கள். இருவரும் சம்மதித்து யாராவது ஒருவர் பெயருக்கு மட்டும் எழுதும்படி மின்னஞ்சலில் கேளுங்கள், அல்லது நேரடியாகக் கணக்குக்கே அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். புதியது கைக்கு வந்ததும், அதன் எண் பழையதிலிருந்து வேறாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.